ரேட் கேட்பவர் எல்லாம் ஆர்டர் கொடுப்பவரா?

திருப்பூர், கோவை வட்டாரத்தில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு ஆலைகளில், கிராஃப்ட் பேப்பர் விலை ஏறிய பத்து, பதினைந்து நாளில் புதிய குரல்கள் போனில் கேட்கத் தொடங்கும். இதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத பார்ட்டிகள் ரேட் கேட்பார்கள். பெரிய ஏற்றுமதி நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, மாதம் இத்தனை ஆயிரம் பெட்டி என்பார்கள். ஆலை நடத்துகிறவருக்கு மனம் குளிர்ந்துவிடும். செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தி, கால்குலேட்டரை எடுத்து, இருப்பதிலேயே குறைந்த ரேட்டைப் போட்டு அனுப்புவார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தையும் வராது.

விலை ஏற்றத்துக்கும் இந்த விசாரிப்புக்கும் உள்ள தொடர்பு தெரிந்தால் அந்த மௌனம் புரிந்துவிடும். நம் ஊர் கிராஃப்ட் பேப்பர் பெரும்பாலும் பழைய அட்டையை அரைத்துச் செய்வது. பழைய அட்டை விலை ஏறினால் மில்கள் பேப்பர் விலையை ஏற்றும். 2021 ஜனவரி 1 முதல் சீனா கழிவுக் காகித இறக்குமதியை முழுவதும் நிறுத்திய சமயத்தில், சீன மில்கள் கழிவுக்குப் பதிலாகச் சுருள்களாகவே வாங்க ஆரம்பித்தன. இந்திய மில்களின் சரக்கு அந்தப் பக்கம் போனதில், இங்கே பெட்டிக்காரர்களுக்குப் பேப்பர் கிடைப்பதே பாடாக இருந்தது. ஒரு பெட்டியின் அடக்க விலையில் முக்கால் பங்கு பேப்பர்தான். ஆகவே மில் விலை ஏற்றினால் பெட்டிக்காரர் தன் வாடிக்கையாளருக்கு ‘ரேட் ஏற்றித் தர வேண்டும்’ என்று கடிதம் எழுதியே ஆகவேண்டும்.

அந்தக் கடிதம் வாங்கும் நிறுவனத்தின் பர்ச்சேஸ் மேஜைக்கு வந்ததும் அங்கே இருப்பவர் செய்யும் முதல் காரியம், வெளியே இரண்டு பேரிடம் ரேட் வாங்குவது. அது அவருடைய வேலை, அதில் தப்பில்லை. ஆனால் சப்ளையரை மாற்றும் எண்ணம் பெரும்பாலும் அவருக்கு இருக்காது. பழைய பெட்டிக்காரரைக் கூப்பிட்டு, “வெளியே இந்த ரேட்டுக்கே தரேங்கறாங்க, நீங்க ஏத்தச் சொல்றீங்களே” என்று சொல்ல ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளைத்தான் நாம் உட்கார்ந்து தயாரித்துக் கொடுக்கிறோம்.

அந்தத் தாளின் மதிப்பு எவ்வளவு என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 600 மில்லிமீட்டர் நீளம், 400 அகலம், 350 உயரத்தில் ஐந்து ப்ளை பெட்டி. மாதம் 5,000. இதை ஒரே ஷீட்டில் வெட்டினால், ஒட்டும் மடிப்பும் ஓர வெட்டும் சேர்த்து 2.04 மீட்டருக்கு 0.77 மீட்டர் வரும், சுமார் 1.57 சதுர மீட்டர். வெளித்தாள் 150 ஜிஎஸ்எம், மற்ற நான்கும் 120 என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கில் இரண்டு, அலை அலையாக மடிகிற ஃப்ளூட் தாள். மடிப்பில் கூடுதலாகத் தாள் இழுக்கும் என்பதால் அவற்றை 1.4 மடங்காக எடுக்கவேண்டும். எல்லாம் கூட்டினால் சதுர மீட்டருக்கு 726 கிராம், பெட்டிக்கு 1.14 கிலோ. வேஸ்டேஜ் சேர்த்தால் 1.2 கிலோ பேப்பர்.

பேப்பர் கிலோ 33 ரூபாயாக இருந்து 36 ஆகிவிட்டது என்று கொள்வோம். பெட்டிக்குப் பேப்பர் செலவு இப்போது 43 ரூபாய் 20 காசு. பசை, கரண்ட், கூலி, இங்க், தையல் கம்பி எல்லாம் சேர்ந்த கன்வர்ஷன் 12.50. வண்டி வாடகை 1.30. அடக்கம் 57 ரூபாய். லாபம் 4.50 வைத்தால் 61.50. இது வரிக்கு முந்தைய நியாயமான ரேட்.

அந்த நிறுவனத்துக்கு இப்போது பெட்டி போடுகிறவர் முன்பு 58 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேப்பர் ஏறியதால் அவருக்குப் பெட்டிக்கு 3.60 கூடுகிறது. 61.60 கேட்கிறார். அந்தச் சமயம் நமக்குப் போன் வருகிறது. பெரிய பார்ட்டி, எப்படியாவது உள்ளே நுழைந்துவிடலாம் என்ற ஆசையில் 59 போட்டுக் கொடுக்கிறோம். பர்ச்சேஸ்காரர் அதைப் பழையவர் முன் வைக்கிறார். பழையவர் முனகிக்கொண்டே 59.50க்கு இறங்குகிறார். பெட்டிக்கு 2.10 மிச்சம், மாதம் 5,000 பெட்டிக்கு 10,500 ரூபாய். நாம் எழுதிய ஒரு தாள் அந்த நிறுவனத்துக்கு மாதாமாதம் அவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கிறது. நமக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்பதோடு போனால்கூடப் பரவாயில்லை. 59 என்ற எண் ஊருக்குள் வந்துவிட்டது. அடுத்த மாதம் வேறொரு ஆலைக்காரர் அதே நிறுவனத்துக்குப் போனால் அவரிடமும் அந்த எண் காட்டப்படும். நம்முடைய பழைய வாடிக்கையாளர் காதுக்கும் அது எட்டும். “அவங்களுக்கு 59, எங்களுக்கு 61.50ஆ?” என்று அவர் கேட்டால் சொல்லப் பதில் இருக்காது.

இத்தனையும் ஒரு போன் பேச்சில்தான் தொடங்குகிறது. அந்தப் பேச்சைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து கேட்டால் எவ்வளவோ தெரியும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய உரையாடலாகவே இருக்கும்.

“சார், ஃபைவ் ப்ளை பாக்ஸ். ஸ்பெக் வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன். மாசம் ஐயாயிரம் வேணும். பெஸ்ட் ரேட் போட்டு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மெயில் பண்ணிடுங்க.”

“பண்ணிடலாமுங்க. உள்ள என்ன சரக்கு போகுதுங்க? பெட்டிக்கு எத்தனை கிலோ வரும்?”

“கார்மென்ட்ஸ்தான் சார். எடையெல்லாம் தெரியல. ஸ்பெக்ல இருக்கறபடி போட்டாப் போதும்.”

“இப்ப வர்ற பெட்டியில ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?”

“குறை ஒண்ணும் இல்ல சார். ரேட்தான் பாக்கறோம். பேப்பர் என்ன விலைக்கு எடுக்கறீங்க, கன்வர்ஷன் எவ்வளவுன்னு பிரிச்சுப் போட்டு லெட்டர்ஹெட்ல சீல் வச்சு அனுப்பிடுங்க.”

இதில் முதலில் கவனிக்க வேண்டியது அவசரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. கொட்டேஷன் சாயங்காலத்துக்குள் வேண்டும். சரக்கு எப்போது வேண்டும் என்ற பேச்சே இல்லை. உண்மையில் பெட்டி தேவைப்படுகிறவர் இதற்கு நேர்மாறாகப் பேசுவார். எத்தனை நாளில் முதல் லோடு தருவீர்கள், ஒரே நாளில் எத்தனை பெட்டி ஓட்ட முடியும், கன்டெய்னர் ஏற்றும் நாளில் கை விடமாட்டீர்களே என்றுதான் அவர் கவலை போகும். ஏற்றுமதிக்காரருக்கு ஷிப்மென்ட் தேதிதான் உயிர். பெட்டி வராமல் கன்டெய்னர் நின்றால் ஆகிற நஷ்டத்துக்கு முன்னால் பெட்டிக்கு ஒரு ரூபாய் கூடக் குறைய என்பது பெரிதல்ல. அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதவர், நம்மிடமிருந்து ஒரு பெட்டியும் வாங்கப்போவதாக நினைத்துப் பேசவில்லை.

அடுத்தது, உள்ளே போகும் எடை தெரியாதது. பெட்டியை மாற்றுகிறவர் பேக்கிங் பிரிவில் ஒருமுறையாவது விசாரித்திருப்பார். ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை அடுக்குகிறார்கள், மழைக்காலத்தில் பெட்டி நமத்துச் சப்பையாகிறதா, பிரிண்ட் அழிகிறதா என்று ஏதாவது ஒரு குறை அவர் வாயில் வரும். இருக்கிற சப்ளையரிடம் குறையே இல்லை என்றால் அவரை விட்டு வர ஒருவருக்குக் காரணமும் இல்லை. ரேட் மட்டுமே காரணம் என்றால், பழையவர் ரேட்டைக் குறைத்த நிமிடமே அந்தக் காரணம் போய்விடும்.

மூன்றாவதாக அந்தப் பிரித்துக் காட்டும் கணக்கு. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளமாக நினைக்கிறேன். மொத்த ரேட் ஒன்று போதும், ஒருவர் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க. பேப்பர் கிலோ என்ன விலை, கன்வர்ஷன் கிலோவுக்கு எவ்வளவு என்ற விவரம் பேரம் பேசுகிறவருக்குத்தான் தேவை. பழைய சப்ளையர் ‘மில் விலை ஏற்றிவிட்டது’ என்று சொல்லும்போது ‘இன்னொருவருக்கு 35க்குக் கிடைக்கிறதே’ என்று மடக்க அது உதவும். லெட்டர்ஹெட்டும் சீலும் அதற்காகவே. வாய்ப்பேச்சாகச் சொன்ன ரேட்டைப் பழையவர் நம்பமாட்டார். சீல் வைத்த தாளை நம்புவார்.

கடனைப் பற்றிப் பேசாததும் கவனிக்க வேண்டிய ஒன்று. நிஜமாக வாங்குகிறவர் ரேட்டுக்கு இணையாகப் பேமென்ட் நாளுக்கு மல்லுக்கட்டுவார். முப்பது நாளா, அறுபது நாளா என்பதில் அவருடைய பணம் இருக்கிறது. சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு, சிறு தயாரிப்பாளருக்கு ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். இப்போது வருமான வரியிலும் அது இணைக்கப்பட்டு, அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும். இதனால் அக்கவுன்ட்ஸ் பிரிவு புதிய சப்ளையரின் உத்யம் பதிவை விசாரிப்பது இன்று சாதாரணம். உத்யம் சான்றிதழையோ, ஜிஎஸ்டி எண்ணையோ, வங்கி விவரத்தையோ ஒருவர் கேட்டால் அவர்கள் கம்ப்யூட்டரில் நம்மைப் புதிய சப்ளையராகச் சேர்க்கத் தயாராகிறார்கள் என்று பொருள். அது நல்ல அறிகுறி.

இவற்றில் ஒன்று இருந்தாலே அந்த ஆள் நம்மைக் கருவியாக்குகிறார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பல நிறுவனங்களில் எது வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்று ஆடிட்டர் விதி இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாமல் இருக்கலாம். மேலாளர் எழுதிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிப்பான். கணக்கைப் பிரித்துத் தரச் சொல்வதைச் சில பெரிய நிறுவனங்கள் எல்லோரிடமும் வழக்கமாகவே வைத்திருக்கின்றன. பேப்பர் விலை இறங்கும்போது ரேட்டையும் இறக்கச் சொல்ல அது வேண்டும். ஆகவே அடையாளங்களைப் பார்த்துச் சந்தேகப்படலாம், தீர்ப்பு எழுதக்கூடாது. தீர்ப்பு வேண்டுமானால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதை மரியாதை குறையாமல் கேட்க முடியும்.

நான் கேட்கச் சொல்வது ஒரே ஒரு கேள்வி. “இப்ப போடறவங்க ரேட்டும் எங்க ரேட்டும் ஒண்ணாவே இருந்தா, எங்ககிட்ட வாங்க உங்களுக்கு வேற ஏதாச்சும் காரணம் இருக்குதுங்களா?” இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். நாமே அவருக்குப் பதில் எடுத்துக்கொடுக்கக் கூடாது. “இருக்குங்க, அவங்க தீபாவளி சமயத்துல ரெண்டு லோடு லேட் பண்ணிட்டாங்க” என்றோ, “ஒரே ஆளை நம்பி இருக்க வேணாம்னு முதலாளி சொல்றாரு” என்றோ பதில் வந்தால், அந்தப் பார்ட்டிக்கு அரை நாள் உட்கார்ந்து கொட்டேஷன் போடலாம். “இல்லைங்க, ரேட் குறைஞ்சா பாக்கலாம்” என்றால் நம்முடைய இடம் எது என்று தெரிந்துவிட்டது.

பதில் இரண்டுங்கெட்டானாக இருந்தால் இன்னொன்று கேட்டுப் பார்க்கலாம். பேக்கிங் பிரிவில் இருப்பவரிடம் பத்து நிமிடம் பேச முடியுமா, நாங்களே வந்து இப்போதைய பெட்டியைப் பார்க்கலாமா? வாங்கும் எண்ணம் உள்ளவர் நேரம் ஒதுக்குவார். எண்ணம் இல்லாதவர், “அதெல்லாம் அப்புறம் பாக்கலாம் சார், முதல்ல ரேட் அனுப்புங்க” என்பார். வேறொருவரிடம் நம்மை அழைத்துப் போவது அவருக்குச் செலவு. ரேட் மட்டும் வாங்குவதில் அவருக்கு ஒரு செலவும் இல்லை. நமக்காக அவர் எதையாவது செலவிடத் தயாரா என்பதைத்தான் இந்தக் கேள்வி பார்க்கிறது.

சரி, வெறும் பேரத்துக்காகத்தான் கேட்கிறார் என்று ஓரளவு நிச்சயமாகிவிட்டது. இப்போது பதில் எழுத வேண்டும். இந்த இடத்தில் இரண்டு விதமான கோபப் பதில்கள் வரும், இரண்டும் கெடுதல். ஒன்று, பதிலே போடாமல் விடுவது. இன்று ரேட் மட்டும் கேட்டவருக்கு ஆறு மாதத்தில் பழைய சப்ளையர் நிஜமாகவே கைவிரிக்கும் நாள் வரலாம். அன்று பதில் போட்டவர் பெயர்தான் அவர் நினைவுக்கு வரும். இன்னொன்று, எப்படியும் ஆர்டர் வரப்போவதில்லை, அந்தப் பழைய ஆளுக்காவது வலிக்கட்டும் என்று 55 ரூபாய் போட்டு அனுப்புவது. இதைச் செய்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பழையவர், “அந்த ரேட்டுக்கு என்னால முடியாது, அவங்ககிட்டயே வாங்கிக்கங்க” என்று விலகிவிட்டால், அந்த 5,000 பெட்டி பி.ஓ. நம் மேஜைக்கே வந்துவிடும். அடக்கம் 57. ஒவ்வொரு பெட்டிக்கும் கையிலிருந்து இரண்டு ரூபாய் போட்டுக் கொடுக்கவேண்டும், அல்லது பேப்பர் ஜிஎஸ்எம்மைக் குறைத்து ஏமாற்ற வேண்டும். 120 எடுக்கவேண்டிய இடத்தில் 100 போட்டு ஓட்டுவது இந்தத் தொழிலைக் கெடுத்த பழக்கம். அதன் தொடக்கம் பல சமயம் இப்படிப்பட்ட ஒரு வீம்பு ரேட்தான்.

நிதானமான பதில் ஒரு ரேஞ்சைச் சொல்லும், கணக்கைப் பிரிக்காது, ஒரு தேதியோடு முடியும், அடுத்து அவர் செய்யவேண்டிய ஒரு சிறு காரியத்தைக் கேட்கும். இப்படி எழுதலாம்:

“வணக்கம். தாங்கள் அனுப்பிய அளவில் ஐந்து ப்ளை பெட்டிக்கு, இன்றைய பேப்பர் விலையில், ஒன்றுக்கு 61.50 முதல் 66 ரூபாய் வரை ஆகும், வரி தனி. உள்ளே போகும் சரக்கின் எடை, அடுக்கும் உயரம், பிரிண்ட், மாத அளவு, பேமென்ட் நாள் ஆகியவற்றைப் பார்த்து உறுதியான ரேட் தருகிறோம். இந்த மதிப்பீடு ஏழு நாளுக்கு. தங்கள் பேக்கிங் பிரிவில் இப்போதைய பெட்டியை ஒருமுறை பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், இரண்டு நாளில் மாதிரிப் பெட்டியோடு முழுக் கொட்டேஷன் தருவோம். எந்த நாள் வசதி என்று தெரிவிக்கவும்.”

இதில் 61.50 என்ற கீழ் எண்ணை யோசித்துத்தான் போடவேண்டும். ரேஞ்ச் கொடுத்தால் பேரம் பேசுகிறவர் கீழ் எண்ணை மட்டுமே எடுத்துப் போவார். மேல் எண்ணைப் பழையவரிடம் சொல்லவே மாட்டார். ஆகவே நாம் நிஜமாகவே கொடுக்கத் தயாராக உள்ள ரேட் எதுவோ அதுதான் கீழ் எண்ணாக இருக்கவேண்டும். ஆசை காட்ட 58 முதல் என்று எழுதினால் 58 என்றே ஊருக்குப் போகும். 61.50 போனால் பழையவர் கேட்கும் 61.60 நியாயமான ரேட் என்றே அது சாட்சி சொல்லும். இன்று அது நமக்கு லாபமில்லை. ஆனால் ஊரில் பெட்டி ரேட் சரியான இடத்தில் நிற்பதில் நம் பழைய ஆர்டர்களின் லாபமும் இருக்கிறது.

ஏழு நாள் கெடு கட்டாயம் வேண்டும். கெடு இல்லாத கொட்டேஷனைக் கோப்பில் வைத்திருந்து, மூன்று மாதம் கழித்துப் பேப்பர் மறுபடி ஏறியபோது எடுத்துக் காட்டுவார்கள். “அன்னைக்கு இந்த ரேட் கொடுத்தீங்களே” என்று நம்மிடமே கேட்பதும் உண்டு.

பிரித்துக் காட்டச் சொன்னதற்கு, “மொத்த ரேட்டாகத்தான் தருகிறோம், ஆர்டர் பேசும் கட்டத்தில் பேப்பர் விலை ஏறினால், இறங்கினால் ரேட் எப்படி மாறும் என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்வோம்” என்று ஒரு வரி போதும். இது மறுப்பல்ல, வாங்கும் எண்ணம் உள்ளவருக்கு இது உண்மையிலேயே வேண்டியதுதான். பேப்பர் கிலோவுக்கு ஒரு ரூபாய் மாறினால் இந்தப் பெட்டிக்கு 1.20 மாறும் என்று பி.ஓ.விலேயே எழுதிக்கொண்டால், மில் விலை ஆடும்போதெல்லாம் இரு பக்கமும் வெளியே தாள் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்து வரப்போவது இரண்டாவது போன். “சார், 59ன்னா சொல்லுங்க, இன்னைக்கே முடிச்சிடறேன்.” பலர் வழுக்கி விழுவது இங்கேதான். அவர் சொல்லும் 59 எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவேண்டும். பழையவர் ஒருவேளை 60க்கு இறங்கியிருப்பார்; இன்னும் ஒரு தள்ளு வேண்டும். நம் அடக்கம் 57. 59க்குக் கொடுத்தால் பெட்டிக்கு இரண்டு ரூபாய் நிற்கும். முப்பது நாளில் வரவேண்டிய பணம் அறுபது நாள் தள்ளி வந்தால், மாதம் ஒரு சதவீத வட்டி என்றாலே 1.18 போய்விடும். மீதி 82 காசு. ஒரு லோடு ரிஜெக்ட் ஆனால் அதுவும் போச்சு. இந்தக் கணக்கைப் போன் வரும் முன்பே போட்டு மேஜையில் வைத்திருந்தால் குரல் தடுமாறாது.

பதில் இப்படி இருக்கலாம்: “59க்கு இந்தப் பெட்டி எங்களால முடியாதுங்க. ஆனா உங்க சரக்கு எடையைப் பார்த்துட்டு வேற பேப்பர்ல போட்டுப் பாக்கலாம். 500 பெட்டிக்கு ஒரு ட்ரையல் பி.ஓ. போடுங்க, 61.50 ரேட்லயே தரேன். பேக்கிங்ல சரின்னு சொன்னா அப்புறம் மாச ஆர்டர் பேசலாம்.” வாங்க நினைப்பவருக்கு 500 பெட்டி சிறிய பணம், முப்பதாயிரம் சொச்சம். பேரத்துக்கு வந்தவர் அந்தப் பி.ஓ.வைப் போடமாட்டார். ஏனென்றால் 500 பெட்டி வாசலுக்குள் வந்த அன்றே பழைய சப்ளையருக்குச் செய்தி போய்விடும். அவரை உண்மையில் இழக்க இவருக்கு மனமில்லை.

வேறு பேப்பரில் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது பேச்சுக்காக அல்ல. ஒரே மாதிரிப் பெட்டிக்கு ரேட் கொடுத்தால் ஒப்பிடுவது சுலபம், பேரமும் சுலபம். பெட்டியையே மாற்றிச் சொன்னால் அந்தத் தாள் பழையவரை அழுத்த உதவாது. அதேசமயம் வாங்குகிறவருக்கு உண்மையான யோசனையாகவும் இருக்கும். உதாரணமாக, வெளித்தாள் 150 ஜிஎஸ்எம், 20 பிஎஃப் என்றால், வெடிப்பைத் தாங்கும் கணக்கில் இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 3 வரும். 120 ஜிஎஸ்எம், 25 பிஎஃப் போட்டாலும் அதே 3தான். பேப்பர் கிலோ விலை கூடும், எடை குறையும். சில அளவுகளில் பெட்டிக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகும். ஆனால் துணிப் பெட்டியைக் கன்டெய்னரில் ஆறு, ஏழு அடுக்கு வைக்கும்போது அடிப்பெட்டி நசுங்காமல் நிற்பது வெடிப்புக் கணக்கை மட்டும் பொறுத்ததல்ல. ஃப்ளூட் உயரம், தாளின் விறைப்பு, ஈரப்பதம் எல்லாம் சேரும். கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்காமல் இதைக் கொடுக்கக் கூடாது. சரக்கின் எடையும் அடுக்கும் தெரியாமல் இந்த யோசனையைச் சொல்லவே முடியாது என்பதால், அந்த விவரத்தைத் தருகிறாரா இல்லையா என்பதே மறுபடி ஒரு பரீட்சையாகிவிடும்.

மாதிரிப் பெட்டிக்கும் ஒரு எல்லை வேண்டும். கையால் வெட்டிய, பிரிண்ட் இல்லாத வெள்ளோட்டப் பெட்டி இரண்டைச் சும்மா கொடுக்கலாம். பிரிண்டோடு வேண்டும் என்றால் ஸ்டீரியோ செய்யவேண்டும். அதன் செலவை வாங்குகிறவர் தரவேண்டும், முதல் முழு ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட வேண்டும். பேரத்துக்கு வந்தவர் அங்கே நின்றுவிடுவார்.

இதே ஆட்டத்தில் நாம் மறுபக்கமும் நிற்போம் என்பதை நினைவில் வைக்கவேண்டும். நம் பழைய வாடிக்கையாளரும் ஒரு நாள் இன்னொருவர் தாளை நம் முன் வைப்பார். அப்போது உடனே இறங்காமல், “அதே ஜிஎஸ்எம், அதே பிஎஃப்தானுங்களா? எத்தனை நாள் பேமென்ட்? ரேட் எத்தனை நாளைக்குச் செல்லும்?” என்று கேட்கவேண்டும். 59 என்று எழுதிய தாளில் ஃப்ளூட் 100 ஜிஎஸ்எம்மாக இருப்பது பல சமயம் அங்கேயே தெரிந்துவிடும். வாடிக்கையாளரின் பேக்கிங் பிரிவில் ஒரு பெட்டியை எடுத்து, ஒரு சதுர டெசிமீட்டர் துண்டை வெட்டி நிறுத்துக் காட்டினால் போதும். நம் பெட்டியில் அது 7.2 கிராமுக்கு மேல் இருக்கும். அந்த 59 ரூபாய்ப் பெட்டியில் 6.7 கிராம்தான் வரும்.

வராத ஆர்டருக்கும் ஒரு குறிப்பு எழுதி வைப்பது நல்லது: எந்த நிறுவனம், யார் பேசினார், எந்தத் தேதி, அப்போது பேப்பர் விலை என்ன, நாம் சொன்ன ரேட் என்ன, அவர் என்ன காரணம் சொன்னார். ஒரே நிறுவனம் ஒவ்வொரு மில் விலை ஏற்றத்துக்கும் சரியாகப் பத்து நாளில் போன் செய்கிறது என்பது மூன்றாவது முறை அந்தக் குறிப்பில் தெரியும். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்துக்கு மூன்று வரி மெயிலுக்கு மேல் நேரம் கொடுக்க வேண்டியதில்லை. அதே நிறுவனம் விலை ஏறாத ஒரு மாதத்தில், ஆடி மழையிலோ தீபாவளி நெருக்கடியிலோ கூப்பிட்டு, “உங்களால எத்தனை நாள்ல ரெண்டாயிரம் பெட்டி தர முடியும்?” என்று கேட்டால், கையில் உள்ள வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அன்றே அவர்கள் பேக்கிங் பிரிவுக்குப் போய் நிற்கவேண்டும். அந்தக் கேள்வியில் ரேட்டே இல்லை.

அப்போதும் ரேட்டை ஏற்றிச் சொல்லக் கூடாது. அவர்களுடைய அவசரத்தில் 68 கேட்டு வாங்கினால் அந்த ஒரு லோடோடு உறவு முடிந்துவிடும். குறிப்பில் உள்ள பழைய கணக்கை அன்றைய பேப்பர் விலைக்கு மாற்றி, அதே லாபத்தோடு சொல்லவேண்டும். முதல் 2,000 பெட்டிக்குப் பாதிப் பணம் முன்பணமாகவும் மீதி டெலிவரியிலும் கேட்கலாம். அவசரத்தில் இருக்கிறவர் இதற்கு மறுக்கமாட்டார். லோடு போன மறுநாள் பேக்கிங் பிரிவில் பேசி, பெட்டி எப்படி நின்றது என்று விசாரித்துவிட்டு, முழு ஆர்டரைக் கேட்காமல், மாதம் ஐயாயிரத்தில் ஆயிரம் பெட்டியை மட்டும் தங்களுக்கு ஒதுக்கும்படி கேட்கவேண்டும். பழையவரை விட்டுவிடு என்று சொல்லாத அந்தக் கேள்விக்கு ஒப்புக்கொள்வது பர்ச்சேஸ்காரருக்கும் சுலபம்.